தம்பி முகத்துக்கு அல்சூர் மாடி வெயில்: ஒன்பது எண்களோடு மூன்று வாரம்

பொங்கலுக்கு பெங்களூரு அல்சூர் வீட்டு மொட்டை மாடியில் சாயங்காலம் எடுத்த குடும்பப் படத்தில் தம்பி இல்லை, அன்று அவனுக்கு ஷிஃப்ட். அவன் சம்மதத்தோடு, படத்தில் நான் நிற்கும் இடத்தில் அவன் முகத்தை வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். முகத்தைப் பொருத்துவது ஒரே நாளில் முடிந்துவிட்டது. ஆனால் அவன் படம் அறைக்குள் ட்யூப்லைட்டுக்கு நேராக எடுத்தது, மாடியிலோ இடப்பக்கம் சாய்ந்த மஞ்சள் வெயில். வெட்டி ஒட்டியது தூரத்திலிருந்தே தெரிந்தது.

அதனால் மாடி வெளிச்சத்தை என் முகத்திலிருந்தே கணக்கிட்டு, அதை அவன் முகத்துக்குக் கொடுக்க நினைத்தேன். பளபளப்பில்லாத பரப்பில் விழும் வெளிச்சத்தை திசைக்குத் திசை வெளிச்சம் மாறுவதைச் சில எண்களாக எழுதும் ஸ்பெரிக்கல் ஹார்மோனிக்ஸின் முதல் ஒன்பது எண்களே சுமார் 1 சதவீதச் சராசரிப் பிழையில் சொல்லிவிடும் என்று ரவி ராமமூர்த்தியும் பாட் ஹன்ரஹானும் 2001-இல் காட்டியிருக்கிறார்கள். ஒரு நிறத்துக்கு ஒன்பது, மூன்று நிறங்களுக்கு 27 எண்கள்.

முகத்தில் 468 புள்ளி வலையைப் பொருத்தி, ஒவ்வொரு பிக்சலும் எந்தத் திசையைப் பார்க்கிறது என்ற நார்மலை எடுத்தேன். x வலப்பக்கம், y மேலே, z கேமராவை நோக்கி. பிக்சல் மதிப்பை முதலில் sRGB-யிலிருந்து, வெளிச்சம் இரட்டித்தால் எண்ணும் இரட்டிக்கும் நேர்கோட்டு அளவுக்கு மாற்ற வேண்டும். முதல் வாரம் இதைச் செய்யாமல் விட்டதால் நிழல் பக்கம் எப்போதும் வெளுத்தே வந்தது.

```python
def H(n):
    x, y, z = n.T
    return np.stack([np.ones_like(x), y, z, x, x*y,
                     y*z, 3*z*z-1, x*z, x*x-y*y], 1)

L = np.linalg.solve(B.T@B + lam*R, B.T@I)  # B = H(n), I = நேர்கோட்டு பிக்சல் மதிப்பு, L = ஒன்பது எண்கள்
```

எண்கள் அளவுக்கு மீறி ஊதாமல் தடுக்கும் `lam` முதலில் பூஜ்யம்தான். என் முகத்தின் மேல் கணக்கு அழகாகப் பொருந்தியது. தம்பி முகத்தில் போட்டதும் வலது காதோரம் கரி பூசியது போலக் கறுத்து, இடது தாடை ஓரம் வெளுத்துப் போனது. இதைப் புரிந்துகொள்ளத்தான் அதிக நாள் ஆனது.

படத்தில் தெரிவது முகத்தின் முன்பாதி மட்டும். அங்கே z எப்போதும் பூஜ்யத்துக்கு மேல், அதனால் `x`-உம் `x*z`-உம் ஏறக்குறைய ஒரே மாதிரி ஏறி இறங்குகின்றன. எது எவ்வளவு என்று பிரிக்க முடியாமல் கணக்கு `x`-இன் எண்ணை −1.9 ஆகவும் `x*z`-இன் எண்ணை +1.6 ஆகவும் ஊதிவிட்டது. மூக்கருகே z 0.9 என்பதால் இரண்டும் சேர்ந்து −1.9 + 1.6×0.9 = −0.46, நியாயமான சரிவு. காதோரம் z 0.2 ஆகும்போது அதே கூட்டு −1.58. அங்கே வெளிச்சம் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடுகிறது. என் முகத்திலிருந்து பிக்சல் எடுக்கும்போது ஓரத்தை வெட்டிவிட்டிருந்தேன், அதனால் பொருத்தத்தில் இந்தத் தப்பு தெரியவே இல்லை.

கண்டுபிடித்துக் கொடுத்தது ஒரு தெர்மோகோல் உருண்டை. படம் எடுத்த அதே நேரத்தில், அதே மாடியில் அதைப் பிடித்து ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். கணக்கிட்ட ஒன்பது எண்களால் ஒரு வெள்ளை உருண்டையை வரைந்து பக்கத்தில் வைத்தேன். நிஜ உருண்டையின் நிழல் பக்கம் நீலம் கலந்த சாம்பல், என்னுடையதில் அரைவட்டக் கறுப்பு. இப்போது எந்தப் படத்துக்கும் முதலில் உருண்டையை வரைந்துதான் பார்க்கிறேன்.

தீர்வு எளிது. `R` அணியின் மூலைவிட்டத்தில் முதல் எண்ணுக்கு 0, அடுத்த மூன்றுக்கு 1, கடைசி ஐந்துக்கு 4 என்று தண்டனை வைத்து `lam`-ஐக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். −0.6, +0.1 என்று வந்தபோது இரண்டு உருண்டைகளும் ஒத்துப்போயின.

அடுத்தது நிறம். பிக்சலில் இருப்பது தோல் நிறமும் வெளிச்சமும் பெருக்கிய மதிப்பு. வெயில் மஞ்சளா, தோல் மாநிறமா என்று முகத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தம்பி என்னைவிடக் கறுப்பு, அவன் நிறம் அவனோடுதான் இருக்க வேண்டும். அதனால் மூன்று நிறங்களின் மொத்த அளவையும் உருண்டையிலிருந்து எடுத்தேன். ட்யூப்லைட் அறையிலும் அதே உருண்டைதான். உருண்டை இல்லாத பழைய படமென்றால் வெள்ளைச் சட்டைக் காலரை நம்பலாம் என்று நினைக்கிறேன்.

கடைசியில், தம்பியின் ஒவ்வொரு பிக்சலையும் மாடி வெளிச்சத்தால் பெருக்கி, ட்யூப்லைட் வெளிச்சத்தால் வகுத்தேன். விகிதம் 0.4-க்குக் கீழும் 2.5-க்கு மேலும் போகாமல் நிறுத்தினேன், இல்லையென்றால் இருட்டில் இருந்த இரைச்சல் புள்ளிகள் மேலே வந்துவிடும். தோல் துளைகளும் மீசையும் அப்படியே நின்றன.

இன்னும் தீராதது விழும் நிழல். ஒன்பது எண்களுக்கு மூக்கு வெயிலை மறைக்கும் என்பது தெரியாது. என் முகத்தில் மூக்கு நிழல் விழுந்த பிக்சல்கள் கணக்கையே கெடுத்தன, பொருத்தத்தை விட்டு அதிகம் விலகியவற்றை நீக்கி மூன்று முறை திரும்பப் பொருத்திச் சரிசெய்தேன். ஆனால் தம்பி முகத்தில் அந்த நிழலை உண்டாக்க இந்த முறையில் வழியில்லை. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு பார்த்தார். "நல்லாத்தான்டா இருக்கு. எல்லாருக்கும் மூக்கு நிழல் கன்னத்துல விழுது, இவனுக்கு மட்டும் காணோமே?" என்றார்.