பழைய பாக்கியைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும்போது ஒரு தொகை இரண்டு முறை ஏறுவது எப்படி

கணக்கு மென்பொருளை மாற்றும் நிறுவனத்தில் வாடிக்கையாளர் பாக்கி இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருக்கும். ஆண்டு முடிவின் டிரயல் பேலன்ஸில் 'டெப்டர்ஸ்' என்று ஒரே வரியாக ஒரு முறை. யார் எந்த இன்வாய்ஸுக்கு எவ்வளவு தர வேண்டும் என்று ஏஜிங் பட்டியலில் இன்னொரு முறை. இரண்டும் ஒரே பணம். புதிய மென்பொருளுக்கோ இரண்டுமே வேண்டும்: ஐந்தொகைக்கு மொத்தம் வேண்டும், வசூலுக்கு இன்வாய்ஸ் வாரியாக வேண்டும். இரண்டையும் அப்படியே உள்ளிட்டால் பாக்கி இரட்டிப்பாகிவிடும்.

மலேசியாவின் ஜார்ஜ்டவுனில் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஆண்டு வருமானம் 1 மில்லியனிலிருந்து 5 மில்லியன் ரிங்கிட் வரை உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் முறை 2026 ஜனவரி 1-இல் வந்தபோது, பழைய மென்பொருளை விட்டு மாறியவர்கள் பலர். அவர்களில் ஒன்று பிறையில் உள்ள குளிர்சாதனப் பராமரிப்பு நிறுவனம். மென்பொருள் விற்றவர்களின் ஆள் வந்து எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு வாரம் கழித்து அங்கே கணக்குப் பார்க்கும் அக்கா அழைத்தார். "தம்பி, நமக்கு வர வேண்டியது 48,000 வெள்ளிதான். இங்கே 98,160-ன்னு காட்டுது. ஜனவரியில இன்னும் ஒரு பெரிய வேலைகூட முடியல, விற்பனை 46,000-க்கு மேல நிக்குது."

அந்த இரண்டு எண்களுமே போதுமாக இருந்தன. டிரயல் பேலன்ஸிலிருந்து டெப்டர்ஸ் 48,000 ஏறியிருக்கிறது. அதன் மேல் பாக்கி இன்வாய்ஸ்கள் ஐந்தும், 50,160 வெள்ளிக்கு, சாதாரண விற்பனை இன்வாய்ஸாகவே பதிவாகியிருக்கின்றன. சாதாரண இன்வாய்ஸ் டெப்டர்ஸை டெபிட் செய்து, விற்பனையையும் சேவை வரியையும் கிரெடிட் செய்யும். 50,160-இல் வரி 3,715.56 போனால் மீதி 46,444.44. போன ஆண்டே லாபக் கணக்கில் சேர்ந்துவிட்ட விற்பனை, இந்த ஆண்டின் விற்பனையாக மறுபடி வந்திருக்கிறது. கூடவே சுங்கத்துறைக்குக் கட்ட வேண்டிய வரியும் ஏறியிருக்கிறது.

சரிசெய்ய நான் எப்போதும் பின்பற்றும் வழி ஒன்றுதான். டிரயல் பேலன்ஸை உள்ளிடும்போது டெப்டர்ஸையும் கிரெடிட்டர்ஸையும் விட்டுவிடுவேன். அவற்றுக்குப் பதில் ஒரு தற்காலிகக் கணக்கில் வித்தியாசத்தை நிறுத்துவேன். ஈஆர்பிநெக்ஸ்ட்டில் இதற்கென்றே `Temporary Opening` என்று ஒரு கணக்கு இருக்கிறது. மற்றவற்றில் நாமே ஒன்று திறந்துகொள்ளலாம். இந்த நிறுவனத்துக்கு டெப்டர்ஸ் 48,000, கிரெடிட்டர்ஸ் 21,500. இரண்டையும் நீக்கினால் டிரயல் பேலன்ஸில் 26,500 டெபிட் குறையும். அது தற்காலிகக் கணக்கில் டெபிட்டாக நிற்கும். பிறகு பழைய இன்வாய்ஸ்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்ய வேண்டும். அவற்றின் மறுபக்கம் விற்பனைக்குப் போகாது, தற்காலிகக் கணக்குக்குத்தான் போகும். சப்ளையர் பில்களும் அப்படியே, திசை மட்டும் மாறும். 26,500-இலிருந்து 48,000 கழிந்து, 21,500 கூடினால், கடைசியில் பூஜ்யம்.

முதல் முறை பூஜ்யம் வரவில்லை. 2,160 வெள்ளி கிரெடிட்டில் நின்றது. இப்படி ஒரு தொகை மிஞ்சும்போது ஒரு ஜர்னல் போட்டு ஒழித்துவிடலாம் என்று கை பரபரக்கும், அது கூடாது. மிஞ்சும் தொகைக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும், பெரும்பாலும் அந்தத் தொகையே அதைக் காட்டிக் கொடுக்கும். இங்கே இன்வாய்ஸ்களின் கூட்டுத்தொகை 50,160, டெப்டர்ஸோ 48,000. பழைய ரசீதுகளைப் புரட்டியதில், ஒரு கொண்டோ நிர்வாகம் 2,160 வெள்ளி இன்வாய்ஸ் ஒன்றுக்கு அக்டோபரில் இரண்டு முறை பணம் அனுப்பியிருந்தது தெரிந்தது. கூடுதலாக வந்த பணம் எந்த இன்வாய்ஸுடனும் சேராமல் அந்த வாடிக்கையாளர் பெயரில் வரவாக நின்றிருக்கிறது. இன்வாய்ஸ்களை மட்டும் ஏற்றியதால் அது விட்டுப்போனது. அதையும் ஏற்ற வேண்டும், ஆனால் வங்கியைத் தொடாமல். வழக்கமான ரசீதாகப் போட்டால் வங்கி இருப்பு 2,160 கூடிவிடும். அந்தப் பணமோ டிரயல் பேலன்ஸின் வங்கி இருப்பில் ஏற்கெனவே இருக்கிறது. தற்காலிகக் கணக்கை டெபிட் செய்து அந்த வாடிக்கையாளரை கிரெடிட் செய்தோம். பூஜ்யம் வந்தது.

பகுதி கட்டிய இன்வாய்ஸிலும் இதே ஆபத்துதான். ஓர் உணவகத்துக்கு 10,800 வெள்ளி இன்வாய்ஸ். அதில் 6,000 நவம்பரில் வந்துவிட்டது. புதிய மென்பொருளில் ஏற்ற வேண்டியது மீதி 4,800 மட்டும். முழு 10,800-ஐ ஏற்றிவிட்டு, அதைக் குறைக்க 6,000-க்கு ஒரு ரசீது போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் பக்கம் சரியாகவே தெரியும். வங்கிப் பக்கம் 6,000 அதிகமாகும்.

இந்த 4,800 இன்னொரு விதத்திலும் படுத்தியது. ஜனவரியில் பழைய மென்பொருளில் ஏஜிங் எடுத்தபோது மொத்தம் 43,200 என்று வந்தது. டிசம்பர் 31 என்று தேதி கொடுத்துத்தான் எடுத்தோம். ஆனாலும் அந்த மென்பொருள் டிசம்பர் வரைக்குமான இன்வாய்ஸ்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் இன்றைக்கு மிச்சமிருக்கும் பாக்கியைக் காட்டுகிறது. உணவகம் ஜனவரி 7-இல் பணம் கட்டியதை அக்கா பழைய மென்பொருளில் பதிந்திருந்தார், அதனால் இன்வாய்ஸே பட்டியலிலிருந்து மறைந்துவிட்டது. அந்தப் பட்டியலையே நம்பி ஏற்றியிருந்தால், தற்காலிகக் கணக்கில் 4,800 மிஞ்சியிருக்கும், ஜனவரி ரசீதைப் பொருத்த இன்வாய்ஸும் இருந்திருக்காது. ஜனவரி ரசீதை அங்கிருந்து நீக்கி, பட்டியலை மறுபடி எடுத்து, அந்த ரசீதைப் புதியதில் ஜனவரி 7 தேதியிட்டே பதிந்தோம். அதன் பிறகு பழைய மென்பொருளில் யாரும் எதையும் பதிய முடியாதபடி பூட்டச் சொன்னேன். டிரயல் பேலன்ஸும் இரண்டு ஏஜிங்குகளும் ஒரே நாளில், ஒரே அமர்வில் எடுக்கப்பட வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

தற்காலிகக் கணக்கு பூஜ்யம் ஆகிவிட்டால் வேலை முடிந்தது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹோட்டலின் 16,200-ஐத் தொழிற்சாலையின் பெயரில் ஏற்றினாலும் பூஜ்யம்தான் வரும். அதனால் ஒவ்வொரு வாடிக்கையாளரின் மொத்தத்தையும் பழைய ஏஜிங்கோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். இன்வாய்ஸ் எண்ணும் பழையதாகவே இருக்க வேண்டும். பணம் அனுப்புகிறவர்கள் அந்த எண்ணைத்தான் குறிப்பிடுவார்கள்.

சப்ளையர் பக்கத்தில் பெரிய சிக்கல் ஒன்றுதான், அதுவும் பட்டியலுக்கு வெளியே இருந்தது. டிசம்பரில் வாங்கிய கேஸ் சிலிண்டர்களுக்கு டிசம்பர் 28 தேதியிட்ட 1,850 வெள்ளி பில், ஜனவரி 12-இல் கைக்கு வந்தது. செலவு ஏற்கெனவே டிசம்பரில் கணக்கிடப்பட்டு, 'அக்ருவல்ஸ்' வரியில் டிரயல் பேலன்ஸோடு வந்துவிட்டது. பில் தேதி டிசம்பர் என்பதால் அக்கா அதைப் பழைய பில்களோடு சேர்க்கப் பார்த்தார். சேர்த்தால் கிரெடிட்டர்ஸ் 21,500-ஐத் தாண்டிவிடும். ஜனவரிச் செலவாகப் போட்டாலும் ஒரே சிலிண்டருக்கு இரண்டு முறை செலவு. பில்லை ஜனவரியில் பதிந்து, மறுபக்கத்தைச் செலவுக்குப் பதில் அக்ருவல்ஸ் கணக்குக்கு அனுப்பினோம்.

இ-இன்வாய்ஸ் விஷயத்தில் நல்ல வேளையாக ஆபத்து நேரவில்லை. பதிவு செய்தவுடன் வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்துக்குத் தானாக அனுப்பும்படி புதிய மென்பொருளை அமைக்க முடியும். அந்த அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும்போது பழைய பாக்கிகளை ஏற்றினால், போன ஆண்டின் விற்பனை வருமான வரி வாரியத்தின் கண்ணில் இந்த ஆண்டின் புதிய இன்வாய்ஸாகத் தெரியும். 72 மணி நேரத்துக்குள் என்றால் ரத்து செய்யலாம். அதற்குப் பிறகு கிரெடிட் நோட் போட்டுத்தான் திருத்த வேண்டும். எல்லாப் பழைய பாக்கியும் ஏறி, சரிபார்த்து முடிந்த பிறகே அந்த இணைப்பைத் திறக்க வேண்டும்.

சேவை வரிதான் இதில் மிகவும் கவனம் கேட்பது. பராமரிப்பு, பழுதுபார்ப்புச் சேவைகளுக்கு 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு வரி. வழக்கமான முறையில், இன்வாய்ஸ் கொடுத்ததும் அல்ல, பணம் வரும்போதுதான் அந்த வரி கட்ட வேண்டியதாகிறது. அதுவரை இன்வாய்ஸில் உள்ள வரி, 'இன்னும் கட்ட வேண்டாத வரி' என்ற தனிக் கணக்கில் நிற்கும். அந்தக் கணக்கு டிரயல் பேலன்ஸோடு வந்துவிடுவதால், பழைய இன்வாய்ஸ்களை வரிக் குறியீடு இல்லாமல் ஏற்ற வேண்டும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது எளிது:

```
50,160 × 8 ÷ 108 = 3,715.56
```

கட்ட வேண்டாத வரிக் கணக்கில் இதே தொகை இருந்தது. இரண்டு முறை வந்த 2,160 எந்தச் சேவைக்கும் உரியதல்ல என்பதால், அதைக் கழிக்காமல் 50,160-ஐத்தான் எடுக்க வேண்டும்.

ஆனால் வரிக் குறியீடு இல்லாத இன்வாய்ஸுக்குப் பணம் வந்தால் புதிய மென்பொருள் சும்மா இருக்கும். SST-02 படிவத்தில் அந்த வரி தானாக ஏறாது. உணவகத்தின் 4,800-இல் வரி 355.56. அதை ஒரு ஜர்னல் மூலம் நாமே கட்ட வேண்டிய வரிக்கு மாற்றினோம். மற்ற நான்கு இன்வாய்ஸ்களுக்கும் ஒரு தாளில் தொகை, வரி, தேதி எழுதி அக்காவிடம் கொடுத்தேன்.

அந்தத் தாளில் ஒரு கிளினிக்கின் 5,400 வெள்ளி இன்வாய்ஸுக்குச் சிவப்பில் கோடு போட்டேன். அதன் தேதி 2025 மார்ச் 18. இன்வாய்ஸ் தேதியிலிருந்து 12 மாதம் ஆகியும் பணம் வராவிட்டால், வராத பணத்துக்கும் வரி கட்ட வேண்டும் என்பது விதி. மென்பொருள் ஆள் ஐந்து இன்வாய்ஸ்களுக்கும் ஜனவரி 1, 2026 என்று தேதி போட்டிருந்தார். அப்படியே விட்டிருந்தால், ஏஜிங்கில் அது புதுப் பாக்கியாகத் தெரிந்திருக்கும், 400 வெள்ளி வரி மார்ச்சில் கட்ட வேண்டியது யாருக்கும் தெரிந்திருக்காது. அக்கா அன்றைக்கே கிளினிக்குக்கு அழைத்து, அந்த இன்வாய்ஸைப் பற்றிக் கேட்டார்.