கட்டம் இல்லாத ஆடியோகிராம்: மகளின் இடது காதும் இரண்டு டெஸ்ட்டும்

மகளுக்கு ஒன்பது வயது. போனை வலது காதில் மட்டுமே வைக்கிறாள் என்று கவனித்துத்தான் காது கேட்கும் டெஸ்ட்டுக்கு அழைத்துப் போனோம். முதல் சென்டரில் பத்தே நிமிடம். ஒவ்வொரு காதுக்கும் எவ்வளவு சத்தம் வைத்தால் கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் தாள் கையில் வந்தது; குறி கீழே போகப் போகக் கேட்கும் திறன் குறைவு. வலது காதின் சிவப்பு வட்டங்கள் மேலே, 10 டெசிபலை ஒட்டி இருந்தன. இடது காதின் நீலப் பெருக்கல் குறிகள் 60, 65 என்று கீழே கிடந்தன. ஆனால் காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வியை வைத்துப் பார்த்த அளவு இடது காதுக்கும் 10தான். "உள்காது நல்லா இருக்கு, நடுக்காதில்தான் கோளாறு. ஆபரேஷன்ல சரியாகலாம்" என்றார்கள். அன்று இரவு எங்களுக்கு அவ்வளவு நிம்மதி.

ஆபரேஷன் பற்றிக் கேட்க வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் டியூனிங் ஃபோர்க்கைத் தட்டி மகளின் நடு நெற்றியில் வைத்து, எந்தப் பக்கம் கேட்கிறது என்றார். அவள் வலது பக்கத்தைக் காட்டினாள். இடது நடுக்காதில் கோளாறு என்றால் சத்தம் இடது பக்கம்தான் கேட்க வேண்டுமாம். உடனே தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாஸ்கிங் செய்யவே இல்லையே" என்றார். ஒரு காதைச் சோதிக்கும்போது மறு காது கேட்டுவிடாமல் அதில் இரைச்சலை ஓடவிடுவதுதான் மாஸ்கிங்.

அங்கிருந்த ஆடியாலஜிஸ்ட் பென்சிலை வைத்துக் காட்டியபோதுதான் புரிந்தது. வலது காதின் கோடு 5, 10, 10, 5, 15 என்று போகிறது. இடது காதின் கோடு 60, 65, 65, 60, 70. அதே வளைவு, 55 டெசிபல் கீழே! வலது காதின் நிழல் அது. ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், சுமார் 40 டெசிபலைத் தாண்டியபின் அது மண்டையோடு வழியாக மறு காதை எட்டத் தொடங்கிவிடும். எலும்பில் வைக்கும் அதிர்வியோ எந்தப் பக்கம் வைத்தாலும் கிட்டத்தட்ட குறையாமல் இரண்டு காதுக்கும் போய்விடும். பட்டனை அழுத்தியது மகள்தான், ஆனால் கேட்டது வலது காது.

மறுபடி டெஸ்ட். இம்முறை வலது காதில் 'உஷ்' என்ற இரைச்சலை ஓடவிட்டு, அதை விட்டுவிட்டு 'பீப்' கேட்டால் மட்டும் அழுத்தச் சொன்னார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. இடது காதுக்கு நீலக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் கீழ்நோக்கிய அம்புக்குறி. அந்தக் கருவி தரும் உச்ச அளவிலும் கேட்கவில்லை என்று அர்த்தம். இரண்டு வருடம் முன்பு வந்த பொன்னுக்கு வீங்கி உள்காதைப் பாதித்திருக்கலாம் என்றார் டாக்டர். ஆபரேஷன் வேண்டாம், அந்தக் காதில் சாதாரண மிஷின் மாட்டியும் பயனில்லை.

உங்கள் கையில் இருக்கும் தாளில் ஒரு காது நன்றாகவும் மறு காது 40 டெசிபலுக்கு மேல் மோசமாகவும் இருக்கிறதா? மோசமான காதுக்குக் கட்டமோ (வலது காது என்றால் முக்கோணம்) பகர அடைப்புக்குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். அவைதான் மாஸ்கிங் செய்ததற்கான அடையாளம். வெறும் வட்டம், பெருக்கல் குறி மட்டும் இருந்தால், மாஸ்கிங்கோடு மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போய் அவளை வகுப்பின் இடது ஓரத்துக்கு மாற்றச் சொன்னேன். டீச்சரும் மற்ற பிள்ளைகளும் இப்போது அவளுடைய வலது காதுப் பக்கம்.