மூன்று மாதம் முந்தைய கணிப்பே கணக்கு

உதிரிபாகங்களின் இருப்பைத் திட்டமிடுவது என் வேலை. கொள்முதல், இருப்பு, விற்பனை எல்லாவற்றையும் ஒன்றாக நிர்வகிக்கும் எங்கள் ஈ.ஆர்.பி. மென்பொருளில் இயந்திரக் கற்றல் வழியான தேவை முன்கணிப்பு இயங்கத் தொடங்கிய பிறகு, திரையில் துல்லியம் 88 விழுக்காடு என்று காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் கிடங்கிலோ ஒரு குறிப்பிட்ட சீல் வளையம் அடிக்கடி தீர்ந்துபோனது. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்று தேடியபோதுதான், அந்த எண் எதை அளக்கிறது என்பதையே நான் கேட்டிருக்கவில்லை என்பது புரிந்தது.

மென்பொருள் ஒவ்வொரு மாதமும் புதிய கணிப்பைப் பழையதன் மேல் எழுதிவிடுகிறது. துல்லியத்தை முந்தைய மாதத்துக் கணிப்போடு ஒப்பிட்டே கணக்கிடுகிறது. அந்த வளையம் வந்துசேர மூன்று மாதங்கள் ஆகும். ஒரு மாதத்தில் 150 தேவைப்பட்டது. அதற்கு முந்தைய மாதக் கணிப்பு 138 என்று அழகாக நெருங்கியிருந்தது. கொள்முதல் ஆணை போட வேண்டியிருந்த நாளில் அது சொன்னது 105 மட்டுமே. 138 என்று தெரியவந்தபோது என்னால் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

ஆகவே ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று கணிப்பு முழுவதையும் தனிக் கோப்பில் சேமிக்கத் தொடங்கினேன். அலுப்பான வேலைதான், ஆனால் இந்த நகல் இல்லாமல் பழைய கணிப்பை மீட்க வழியில்லை. ஆறு மாதங்களுக்கான ஒப்பீடு கைக்கு வந்தபோது, அந்த வளையத்தின் மொத்தத் தேவை 660. மூன்று மாதம் முந்தைய கணிப்புகளின் கூட்டுத்தொகை 590. மாதவாரியான பிழைகளைக் கூட்டல், கழித்தல் குறி பாராமல் கூட்டினால் 160, அதாவது தேவையில் 24 விழுக்காடு. சென்ற ஆண்டின் அதே மாத எண்ணை அப்படியே எழுதிவைத்திருந்தால் பிழை 20 விழுக்காடுதான். இத்தனை நுட்பமான கணிப்பு மாதிரி ஒரு எளிய நகலிடம் தோற்றிருந்தது.

பிழையின் அளவைவிட அதன் திசைதான் எனக்கு வழிகாட்டியது. ஆறு மாதங்களிலும் சேர்த்து 70 குறைவாகக் கணித்திருந்ததால், அது தற்செயலாக இருக்க வாய்ப்புக் குறைவு என்று பயிற்சித் தரவைத் திறந்து பார்த்தேன். வாடிக்கையாளர் கேட்ட அளவு அங்கே இல்லை. நாங்கள் அனுப்பிய அளவு இருந்தது. அண்மையில் இருப்பு தீர்ந்திருந்த இரண்டு மாதங்கள் தேவை குறைந்த மாதங்களாகப் பதிவாகியிருந்தன. அண்மைத் தரவுக்கு அதிக எடை தரும் அந்தக் கணிப்பு மாதிரி அதைப் போக்கு என்று எடுத்துக்கொண்டது. நாங்கள் குறைவாக வாங்க வாங்க, அது மேலும் குறைவாகக் கணிக்கக் கற்றுக்கொண்டிருந்தது.

கேட்ட அளவையும் கேட்ட தேதியையும் தரவாகக் கொடுக்கும்படி மாற்றிவிட்டோம். புதிய தரவின் மீதான மூன்று மாதக் கணிப்புகளில் இரண்டு மாதங்களே இதுவரை நிறைவடைந்துள்ளன. ஒன்று சற்றுக் கூடுதல், மற்றொன்று சற்றுக் குறைவு. இது போதாது என்பதால், அந்த வளையத்தின் பாதுகாப்பு இருப்பை நான் இன்னும் குறைக்கவில்லை.