ஆணி அடித்திருந்தால்

"ஆணி அடிச்சிருந்தா அவன் தூக்கியே இருக்க முடியாதே சார்?" காலையில் வேலை தொடங்கும் முன் ஆட்களுக்கு நடத்தும் பாதுகாப்புப் பேச்சான டூல்பாக்ஸ் டாக்கில் ஒரு சென்ட்ரிங் ஹெல்பர் என்னிடம் கேட்டது இது. கோபமாகக் கேட்கவில்லை. கையில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டே, சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார். நான் சொன்ன பதிலும் தப்பான பதில் இல்லை. ஆனாலும் அதை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

நடந்தது இதுதான். இரண்டாவது மாடி ஸ்லாபில் பைப் லைனுக்காக விட்டிருந்த ஓட்டை, சுமார் இரண்டடிக்கு மூன்றடி. அதன் மேல் ஒரு முழு பிளைவுட் ஷீட் போட்டு மூடியிருந்தார்கள். பக்கத்தில் சென்ட்ரிங் வேலை. மேலே கிடக்கும் ஷீட்டை எடுத்து வா என்று வேறொரு ஹெல்பரை அனுப்பினார்கள். எட்டுக்கு நாலு, 12 மில்லி ஷீட் இருபது கிலோ சொச்சம்தான் இருக்கும், ஒரு ஆள் தூக்கிவிடலாம். ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, முகத்துக்கு முன்னால் நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தார். தூக்கிய ஷீட்டே கண்ணை மறைத்துவிட்டது. இரண்டு எட்டில் ஓட்டை. கீழ்த்தளத்தில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. உயிர் பிழைத்தார்.

ஷீட்டின் மேல் "ஓட்டை, எடுக்காதே" என்று பெயின்டில் எழுதித்தான் இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவருக்கும் அன்று உதவியிருக்காது, எழுத்தின் மேல் சிமென்ட் பால் காய்ந்து பாதி மறைந்திருந்தது.

விசாரணை அறிக்கை பல பக்கம் போனது. மூடியை ஆணி அடித்து இறுக்கவில்லை, அடியில் நகராமல் பிடிக்கும் ரீப்பர் கட்டை இல்லை, அந்தத் தளத்தில் வேலைக்கான ஷீட்டுகளும் மூடிக்கான ஷீட்டுகளும் ஒரே மாதிரி ஆங்காங்கே கிடந்தன, எந்த ஷீட் என்று சொல்லாமல் ஆளை அனுப்பினார்கள். இதை ஒரு பக்கமாக்கி, படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி டாக் நடத்த வேண்டும் என்பது என் வேலை. எங்கள் மேனேஜர் ஒன்றே ஒன்று சொன்னார்: "அவங்க கையால செய்யக்கூடியதை மட்டும் போடுங்க. மத்ததெல்லாம் நம்ம வேலை, அதை அவங்ககிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?"

இதை நான் இன்றும் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறேன். டாக் என்பது பத்து நிமிடம். நாலு காரணத்தையும் சொன்னால் நாலும் கலைந்துபோகும். கேட்டவர் நேராக ஸ்லாபுக்குப் போகிறார், அங்கே ஒரு ஷீட்டைப் பார்த்ததும் அவர் கை என்ன செய்ய வேண்டும் என்பதுதான் மிஞ்ச வேண்டும். அதனால் தாளில் ஒரே விஷயம் வைத்தேன்: தரையில் தனியாகக் கிடக்கும் ஷீட்டுக்கு அடியில் ஓட்டை உண்டு என்று வைத்துக்கொள், தொடாதே, ஃபோர்மேனைக் கூப்பிடு.

படத்துக்குத்தான் அதிக நேரம் போனது. முதலில் பக்கவாட்டுப் படம் வரைந்தேன். ஸ்லாப் ஒரு கோடு, நடுவில் இடைவெளி, ஷீட்டைத் தூக்கிய ஆள், மேலே சிவப்புப் பெருக்கல் குறி. டாக்குக்கு முன்னால் ஒரு பெரியவரிடம் தனியாகக் காட்டி, "இதுல என்ன நடக்குது ஐயா?" என்று கேட்டேன். "ஆள் செத்துட்டாப்ல போல, அடிச்சிருக்கே" என்றார். அந்த இடைவெளியை இரண்டு பலகைக்கு நடுவில் உள்ள சந்து என்று நினைத்திருந்தார். அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. ஸ்லாபை அறுத்துப் பக்கத்திலிருந்து பார்ப்பது வரைபடம் பார்த்துப் பழகிய எங்கள் கண். ஸ்லாப் மேல் நிற்பவருக்கு மேலிருந்து தெரிவது வெறும் ஷீட்தான், ஓட்டை தெரியவே தெரியாது. அதனால் வரைந்ததைக் கைவிட்டு, நின்ற உயரத்திலிருந்து இரண்டு போட்டோ எடுத்தோம். ஷீட் கிடக்கிறது. தடுப்பு வைத்து, பெல்ட் மாட்டிய ஆள் அதே ஷீட்டை நகர்த்தியதும், அதே இடத்திலிருந்து, ஓட்டை தெரிகிறது. வேறெதுவும் படத்தில் இல்லாமல் சுற்றியிருந்ததை எல்லாம் அப்புறப்படுத்தினோம், இல்லையென்றால் பின்னால் நிற்பவர் யார் என்றுதான் பார்ப்பார்கள்.

டாக்கில் "புரிஞ்சுதா?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டு, மேலே ஷீட்டை வைத்து, "அதை எடுத்துட்டு வாங்க" என்று ஒருவரிடம் சொன்னேன். டாக் கேட்டு முடித்த கையோடு அவர் குனிந்து தூக்கி, கட்டத்துக்குள் கால் வைத்தார். எல்லோரும் ஒரு கணம் பேசவில்லை. அடுத்தவர் ஷீட்டுக்கு முன்னால் நின்று ஃபோர்மேனைக் கூப்பிட்டார்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. "ஆணி அடிக்கிறது எங்க பொறுப்பு, அதைப் பார்த்துக்கறோம். தூக்காம இருக்கிறது உங்க கையில இருக்கு" என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார்.

என்னை உறுத்துவது இதுதான். அடிபட்டவரோடு ஒரே அறையில் தங்கியவர் அவர். நான் தாளில் எதையும் பொய்யாகச் சொல்லவில்லை, ஆனால் தாளில் இருப்பது "தூக்கினான், விழுந்தான்" மட்டும். படிக்கத் தெரிந்தவராக இருந்தால் அறிக்கையைக் கேட்டு வாங்கி அந்த நாலு காரணங்களையும் பார்க்க ஒரு வழியாவது உண்டு. இவர்களுக்கு அந்தத் தாள்தான் மொத்த அறிக்கை. நான் வெட்டியது அவர்களைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை.

சரி, நியாயத்தை விடுவோம். வேலைக்காகப் பார்த்தாலும் அவர் கேள்விதான் சரியான இடத்தில் விழுகிறது. "தனியாகக் கிடக்கும் ஷீட் என்றால் ஓட்டை" என்பது, வேலைக்கான ஷீட்டுகளை நாங்கள் ஒரே அடுக்காக வைத்தால் மட்டுமே உண்மை. அங்கங்கே சும்மா ஷீட் கிடந்தால், ஒருவர் ஃபோர்மேனைக் கூப்பிட்டுக் காத்திருப்பார், ஃபோர்மேன் வந்து தூக்கிப் பார்ப்பார், அடியில் வெறும் தரை. இது ரெண்டு தடவை நடந்தால் மூன்றாவது தடவை யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆக, அவர்கள் கையில் இருக்கிறது என்று நான் சொன்ன விதி, முழுக்க எங்கள் கையில் இருந்தது.

பிறகு தாளில் மூன்றாவது போட்டோ சேர்த்தேன்: ஓரம் முழுக்கச் சிவப்புப் பட்டை அடித்து, நாலு மூலையிலும் கான்கிரீட் ஆணித் தலை தெரியும் மூடி. இப்படித்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கேயே நின்று கூப்பிடுங்கள் என்று சொல்கிறோம். மேனேஜரும் ஒத்துக்கொண்டார், ஏனென்றால் இது அவர்கள் செய்யக்கூடிய காரியம். ஆனால் எங்கள் ஆணியை நாங்கள் அடித்தோமா என்று பார்க்கும் வேலையையும் சேர்த்து அவர்கள் தலையில் வைத்துவிட்டேனோ என்ற எண்ணம் போகவில்லை. ஒரு நாள் இது சரி என்று தோன்றுகிறது, மறுநாள் இல்லை.

புதுத் தாளை அதே ஹெல்பரிடம் முதலில் காட்டினேன். ஆணித் தலைகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்புறம், "கூப்பிட்டா யார் சார் வருவாங்க?" என்றார். தாளின் கீழே ஃபோர்மேனின் முகப் படத்தை ஒட்டினோம். இரவு ஷிஃப்டில் அவர் இருப்பதில்லை. அந்தத் தாளில் யார் முகத்தை ஒட்டுவது என்று மேனேஜரிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் பெயர் வரவில்லை.