வயிரமேகன் யார்? காஞ்சியில் திருமங்கையாழ்வாரின் காலம் தேடி

காஞ்சிபுரத்தில் திருமங்கையாழ்வார் பாடிய பெரிய திருமொழியைக் கையில் வைத்துக்கொண்டு சேவிக்க வேண்டிய கோயில்கள் இரண்டு. இரண்டாம் பத்தின் எட்டாம் திருமொழி அட்டபுயகரத்துக்கு, ஒன்பதாவது பரமேச்சுர விண்ணகரத்துக்கு. அவருடைய காலத்தைக் கணிக்க வேண்டிய சாட்சிகளில் முக்கால்வாசி இந்த இரண்டில் இருக்கிறது. மாமாவும் நானும் வரிசையை மாற்றி ஒன்பதாவதை முதலில் எடுத்துக்கொண்டோம்.

பரமேச்சுர விண்ணகரம் என்றால் ஊர்க்காரர்களுக்கு வைகுண்டப் பெருமாள் கோயில். நின்று, இருந்து, கிடந்து என்று மூன்று நிலைகளில் மூன்று தளங்களில் பெருமாள். கீழே வீற்றிருந்த கோலத்தைச் சேவித்துவிட்டுச் சிங்கத் தூண்கள் தாங்கும் சுற்று மண்டபத்துக்கு வந்தால் சுவர் முழுக்கப் பல்லவர் கதை. மணற்கல் என்பதால் பல முகங்கள் கரைந்துவிட்டன. ஆனாலும் ஒரு பகுதி விளங்கும். பல்லவ அரசனுக்கு வாரிசு இல்லாமல் போக, பெரியவர்கள் பல்லவர் கிளைக் குடியைச் சேர்ந்த இரணியவர்மனிடம் போய் ஒரு பிள்ளையைக் கேட்கிறார்கள். மூத்த மூவரும் மறுக்க, பன்னிரண்டு வயதுக் கடைசிப் பிள்ளை பல்லவமல்லன் 'நான் போகிறேன்' என்கிறான். அவன்தான் இரண்டாம் நந்திவர்மன். ஏறக்குறைய 731 முதல் 796 வரை ஆண்டவன்.

அங்கேயே உட்கார்ந்து பாசுரத்தை வாசித்தோம். "பல்லவன் மல்லையர்கோன் பணிந்த பரமேச்சுர விண்ணகரம்" என்று முதல் பாட்டு முடிகிறது. அடுத்தடுத்த பாட்டுகளில் அந்தப் பல்லவர்கோன் தென்னவனைத் திறல் வாட்டுகிறான், மண்ணை என்ற ஊரில் போரிடுகிறான், வில்லவனை நென்மெலியில் வெருவ வைக்கிறான். வெறும் புகழ்ச்சியாக இருந்தால் எந்தப் பல்லவனுக்கும் பொருந்தும். போர்க்களத்தின் பெயர் வந்ததால்தான் பிடி கிடைக்கிறது. நந்திவர்மனின் உதயேந்திரம் செப்பேடு, அவனுடைய சேனாபதி உதயசந்திரன் வென்ற களங்களை அடுக்கும்போது நெல்வேலியையும் சொல்கிறது. நென்மெலி இதுதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. செப்பேடு அவனது இருபத்தொன்றாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 752 வாக்கில். பாசுரமோ மண்ணைப் போரை "முனநாள்" நடந்ததாகப் பேசுகிறது. ஆகப் போர்கள் ஓய்ந்த பிறகு பாடியது.

"சரி, ராஜா பேர் வந்துவிட்டால் ஆழ்வார் அவன் காலத்தவர் ஆகிவிடுவாரா?" என்றார் மாமா. அவர் வைணவ ஆசாரியர் வரலாறான குருபரம்பரையின் கணக்கை நம்புகிறவர். அதன்படி ஆழ்வார் கலி பிறந்து நானூறு வருஷத்துக்குள் அவதரித்தவர்.

கேள்வி நியாயமானதுதான். இதே ஆழ்வார் திருநறையூர்ப் பாசுரத்தில் சிவனுக்கு எழுபது மாடக்கோயில் எடுத்த சோழனைப் பாடுகிறார். அது கோச்செங்கணான், ஆழ்வாருக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவன். அவனை வைத்துக் கணக்குப் போட்டால் காலம் எங்கேயோ போய்விடும். அதனால் பாட்டில் வரும் அரசன், 'இந்த வருஷத்துக்கு முன் இவர் இல்லை' என்று மட்டும்தான் சொல்வான். மேல் எல்லைக்கு வேறு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சியைத் தேடித்தான் சின்ன காஞ்சிபுரத்துக்குப் போனோம். எட்டுக் கைப் பெருமாளைச் சேவித்தபின் எட்டாம் திருமொழியின் கடைசிப் பாட்டை எடுத்தேன்: "மன்னவன் தொண்டையர்கோன் வணங்கும் நீள்முடி மாலை வயிரமேகன், தன்வலி தன்புகழ் சூழ்ந்த கச்சி". தொண்டையர்கோன் என்றால் பல்லவ அரசன். அவனும் வயிரமேகனும் ஒரே ஆளா, இரண்டு பேரா? இங்கேதான் சிக்கல்.

இரண்டு பேர் என்றால், தொண்டையர்கோன் யாரை வணங்குகிறானோ அவன் வயிரமேகன். அந்தப் பட்டம் இராஷ்டிரகூடன் தந்திதுர்க்கனுக்கு உண்டு. காஞ்சி வரை வந்து பல்லவனைப் பணிய வைத்தவன், 756 வாக்கில் மறைந்தவன். அப்படியானால் பாசுரம் 750களுக்கு அருகில் வந்துவிடும். ஒரே ஆள் என்றால் நந்திவர்மனின் மகன் தந்திவர்மன். உத்திரமேரூரின் பெரிய ஏரிக்கு வயிரமேக தடாகம் என்ற பெயர் அவனால் வந்தது. அவன் பட்டத்துக்கு வந்ததே 796 வாக்கில்தான். அப்போது ஆழ்வார் ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பாடியிருக்க வேண்டும்.

எனக்கு முதல் வாசிப்பில்தான் சாய்வு. பரமேச்சுர விண்ணகரப் பாசுரத்தில் பல பாட்டுகளில் நந்திவர்மனின் வெற்றிகளை அடுக்கியவர், அவன் மகனைப் பாட வந்தால் ஒரு போரையாவது சொல்லியிருப்பார். இங்கே வலியும் புகழும் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்துகிறார். ஆனால் ஒரு நெருடல் இருக்கிறது. கச்சியைச் சூழ்ந்திருப்பது தன் அரசனைப் பணிய வைத்த வேற்று நாட்டானின் புகழ் என்று ஆழ்வார் பாடுவாரா? மாமா உடனே அதைப் பிடித்துக்கொண்டார். கலியுகக் கணக்கை அவர் அப்படியே வைத்துக்கொண்டார், ஆனால் பாட்டில் வருவது தந்திவர்மன்தான் என்று எனக்கு எதிராக வாதாடினார். எதிர்காலத்து அரசனை ஆழ்வார் ஞானத்தால் பாடினாராம்!

எந்த வாசிப்பை எடுத்தாலும் எட்டாம் நூற்றாண்டின் நடுவுக்கு முன்னே போக வழியில்லை, ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைத் தாண்டவும் காரணமில்லை. அதற்குள் பட்டர் சந்நிதிக் கதவைச் சாத்த வந்துவிட்டார்.