வாய்மொழித் தேர்வுக்கு மதிப்பெண் அட்டவணை அமைத்த அனுபவம்

எங்கள் கல்லூரியில் ஆங்கில வாய்மொழித் தேர்வுக்கு ஒரே மொத்த மதிப்பெண் போடுவதுதான் நீண்ட காலமாக வழக்கமாக இருந்தது. ஒரே மாணவருக்கு ஓர் ஆசிரியர் 14 போட்டால் இன்னொருவர் 21 போடுவார்; ஏன் என்று மாணவர் கேட்டால் இருவரிடமும் தெளிவான பதில் இருக்காது. சரளம், பிழையின்றிப் பேசும் திருத்தம், உரையாடல் என மூன்று கூறுகளாகப் பிரித்து அட்டவணை ஒன்றை உருவாக்கும் பொறுப்பு எனக்கும் சக ஆசிரியர்கள் இருவருக்கும் வந்தது.

கவுன்சில் ஆஃப் யூரோப் அமைப்பு 2001இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகத்திலிருந்து தொடங்கினோம். பேச்சு மொழிக்கான அதன் அட்டவணையில் இந்த மூன்றுடன் மொழிவளம், கருத்துத் தொடர்ச்சி ஆகியவையும் உண்டு. நேரில் கேட்டுக்கொண்டே ஐந்தையும் தனித்தனியாகக் கவனிப்பது எங்களால் இயலாது என்பதால் மூன்றோடு நிறுத்தினோம். ஒவ்வொரு கூறுக்கும் 5 மதிப்பெண். 5, 3, 1 ஆகியவற்றுக்கு மட்டும் விளக்கம் எழுதி, 4, 2 இரண்டையும் இடைநிலைகளாக விட்டோம். ‘நன்று’, ‘மிக நன்று’ போன்ற சொற்களை அடியோடு நீக்கினோம், ஏனெனில் அவை காதில் கேட்கும் எதையும் சுட்டுவதில்லை.

பின்பு மாணவர்களின் ஒப்புதலோடு பதிவு செய்த மாதிரித் தேர்வுகளைக் கேட்டுத் தனித்தனியே மதிப்பெண் இட்டோம். விடுதிப் படிப்பறைக்கு மின்விசிறி வாங்குவதா, கணினி வாங்குவதா என்று இரு மாணவிகள் பேசி முடிவெடுக்க வேண்டும். முதல் மாணவி மெதுவாகப் பேசினார். “இஃப் வீ பை த ஃபேன்” என்று சொல்லி நிறுத்தி, சற்று யோசித்து, “த ஸ்டூடன்ட்ஸ் வில் சிட் லாங்கர்” என்று முடித்தார். மற்றவர் வேகமாகப் பேசினாலும் “வீ ஷுட் பை… ஷுட் பை… அ… அ… கம்ப்யூட்டர்” என்று தொடரின் நடுவிலேயே திரும்பத் திரும்பத் தடைபட்டார். சரளத்தில் என் சக ஆசிரியர் முதல் மாணவிக்கு 2 போட்டார், நான் 4 போட்டேன். பேச்சை அப்படியே எழுதி, இடைவெளி விழும் இடங்களில் கோடு போட்டுப் பார்த்ததும் விவாதம் தீர்ந்தது. முதல் மாணவியின் இடைவெளிகள் பெரும்பாலும் தொடரின் எல்லைகளில் இருந்தன. அங்கே அவர் அடுத்த கருத்தைத் திட்டமிடுகிறார். மற்றவரோ சொல்லைத் தேடுகிறார். வேகத்தை விட்டுவிட்டு, இடைவெளி எங்கே விழுகிறது என்பதையே சரளத்துக்கான விளக்கத்தில் எழுதினோம்.

அந்த மாணவிகளில் ஒருவர் “ஷீ கோ… ஷீ கோஸ்” என்று தானே திருத்திக்கொண்ட இடத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. ஓர் ஆசிரியர் அதற்குச் சரளத்திலும் திருத்தத்திலும் மதிப்பெண் குறைத்திருந்தார். ஒரே நிகழ்வுக்கு இரு தண்டனை கூடாது என்று முடிவு செய்தோம். தானே திருத்திக்கொண்டது பிழையாகாது. அது பேச்சின் ஓட்டத்தை முறித்தால் மட்டும் சரளத்தில் கணக்கிடலாம். திருத்தாமல் விட்ட பிழைகளிலும் வேறுபாடு உண்டு. “ஹீ டோன்ட் நோ” என்பதைக் கேட்பவர் உடனே புரிந்துகொள்கிறார். நேற்று நடந்ததா, நாளை நடக்கப்போவதா என்றே தெரியாதபடி காலம் குழம்பிய வாக்கியம் அதைவிடக் கனமானது.

உரையாடலுக்குத்தான் அதிக நேரம் செலவிட்டோம். அதிகம் பேசியவருக்கு அதிக மதிப்பெண் போய்விடுவது எங்கள் தாள்களில் வெளிப்படையாகவே தெரிந்தது. எனவே எதிரில் இருப்பவர் பேசி முடித்ததும் மாணவர் என்ன செய்கிறார் என்பதையே சான்றாகக் கொண்டோம். “யூ செட் த ஃபேன் இஸ் சீப், பட் ஹூ வில் பே த கரன்ட் பில்?” என்று கேட்பவர் தோழி சொன்னதை எடுத்துக்கொண்டு பேச்சை நகர்த்துகிறார். மனப்பாடம் செய்த உரையைத் தங்குதடையின்றி ஒப்பிப்பவர் சரளத்தில் உயர்ந்த மதிப்பெண் பெறக்கூடும். ஆனால் தோழியின் பேச்சுக்கு எங்குமே பதில் சொல்லவில்லை என்றால் உரையாடலில் அவருக்கு 1தான்.

ஒருவர் வாயே திறக்காவிட்டால் இணையில் இருப்பவரின் மதிப்பெண் என்ன ஆவது? “வாட் டூ யூ திங்க்?” என்று அவரைப் பேச்சுக்குள் இழுக்க முயன்றதையே சான்றாக ஏற்றோம். அதற்கும் பதில் வராவிட்டால், கேள்வி கேட்கும் ஆசிரியரே கடைசி ஒரு நிமிடம் இணையாகப் பேசுவார்.

தேர்வு நாளில் ஒருவர் கேள்வி கேட்க, மற்றவர் பேசாமல் கேட்டு மதிப்பெண் எழுதினார். கேள்வி கேட்டவரும் தம் மதிப்பெண்ணைத் தனியே எழுதிய பிறகுதான் இருவரும் பேசிக்கொண்டனர். ஏதேனும் ஒரு கூறில் வேறுபாடு 1க்கு மேல் போனால் பதிவை மறுபடி கேட்டோம். ஒருவரின் தாளில் 4-4-4, 3-3-3 என்று மூன்று கட்டங்களும் வரிசையாக ஒத்துவந்தால், நல்ல உச்சரிப்போ தன்னம்பிக்கையான தோற்றமோ மூன்றையும் சேர்த்து உயர்த்தியிருக்கலாம் என்று ஐயப்பட்டு, அந்தப் பதிவை உரையாடலுக்காக மட்டும் தனியே கேட்டோம். சிலருடைய மதிப்பெண் அப்போது 4-4-2 ஆனது.