பழைய போனை விற்க ஒரு விளம்பரம் எழுதினேன்: பேட்டரி வரிக்கு மட்டும் நான்கு நாள் ஆனது

நான்கு வருடம் கையில் இருந்த ஆண்ட்ராய்டு போனை விற்கலாம் என்று உட்கார்ந்தபோது, விளம்பரம் எழுதப் பத்து நிமிஷம் போதும் என்று நினைத்தேன். முதலில் எழுதியது இது: "நல்ல நிலையில் உள்ள போன். 8 ஜிபி ரேம், 128 ஜிபி. பேட்டரி நன்றாக நிற்கும். சிறு கீறல்கள் உண்டு."

எழுதி முடித்ததும் பேட்டரி வரி உறுத்தியது. அதற்கு முந்தைய வாரம்தான், 18 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தபோதே, வீடியோ எடுக்கும் நடுவில் அந்தப் போன் பட்டென்று அணைந்து போயிருந்தது. வாங்குபவருக்கு முதல் வாரத்திலேயே இது நடக்கும். அப்போது அவர் மனதில் "நன்றாக நிற்கும்" என்று எழுதிய ஆள் யார் என்ற கேள்விதான் வரும். சரி, முதலில் பேட்டரியை ஒழுங்காக அளந்துவிட்டு எழுதுவோம் என்று அந்த வரியை அழித்தேன்.

ஆண்ட்ராய்டு பேட்டரியைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்க்க, போனில் USB debugging-ஐ இயக்கி, adb கருவி உள்ள கணினியில் இணைத்து இந்தக் கட்டளையைக் கொடுத்தேன்.

```
adb shell dumpsys battery
```

வந்த விடையில் நமக்கு வேண்டிய வரிகள் இவை:

```
health: 2
level: 76
voltage: 4051
temperature: 312
```

voltage மில்லிவோல்ட்டில் இருக்கும். temperature பத்தில் ஒரு டிகிரிக் கணக்கு, அதாவது 31.2 டிகிரி. health வரியில் உள்ள 2 என்ற எண்ணுக்கு 'நன்று' என்று பொருள். சில செயலிகள் இதையேதான் எடுத்துப் பச்சை எழுத்தில் "Good" என்று காட்டுகின்றன. விற்பவர்கள் பலர் அதைப் படம் பிடித்து விளம்பரத்தில் போடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாகவில்லை, மின்னழுத்தம் எல்லை தாண்டவில்லை, செத்துப்போகவில்லை என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. புதிதில் இருந்த கொள்ளளவில் இப்போது எவ்வளவு மிச்சம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நடுவில் அணைந்துபோகும் என் போனுக்கும் 2 தான் வந்தது. அதனால் அந்தப் படத்தை விளம்பரத்தில் சேர்க்கவில்லை.

கொள்ளளவைக் கணக்கிட, சார்ஜ் ஏறும்போது உள்ளே போகும் மின்சாரத்தை எண்ணிக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டேன். முதல் நாள் அவசரத்தில் 60 சதவீதத்திலிருந்து 75 வரை மட்டும் ஏற்றிக் கணக்குப் போட்டதில், பேட்டரி 94 சதவீத நலத்தில் இருப்பதாக வந்தது. சந்தோஷப்படத் தோன்றினாலும் நம்பத் தோன்றவில்லை. திரையில் காட்டும் சதவீதமே போன் போடும் ஒரு மதிப்பீடு. 15 புள்ளியில் ஒரு புள்ளி தவறினாலே விடை ஏழு சதவீதம் அளவுக்கு மாறிவிடும். அதனால் நீண்ட தூரம் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

அடுத்த மூன்று இரவுகள், 15க்கு இறங்கும் வரை பயன்படுத்திவிட்டு, 95 வரை தொடாமல் ஏற்றினேன். உள்ளே போனது முறையே 2,880, 2,810, 2,930 மில்லி ஆம்பியர் மணி. சராசரி சுமார் 2,873. இது 80 புள்ளிகளுக்கு உள்ள அளவு என்பதால் 0.8ஆல் வகுத்தால், முழுக் கொள்ளளவு ஏறக்குறைய 3,590. பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது 4,500. ஆக, சுமார் 80 சதவீதம். அதே பெட்டியில் சின்ன எழுத்தில் 4,400 என்று குறைந்தபட்சக் கொள்ளளவும் இருந்தது. அதை வைத்து வகுத்தால் 82 வரும். பெரிய எண்ணால் வகுத்து வந்த 80ஐயே எழுதுவது என்று முடிவு செய்தேன், ஏனென்றால் வாங்குபவர் இணையத்தில் தேடினால் முதலில் அவர் கண்ணில் படுவது 4,500தான்.

எழுதியதைத் தங்கையிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அண்ணா, எண்பது சதவீதம்னா என்ன? காலையில எடுத்துட்டுப் போனா சாயங்காலம் வரைக்கும் வருமா வராதா? அதைச் சொல்லு" என்றாள். அவள் கேட்டது நியாயம். ஒவ்வொருவரும் போனைப் பயன்படுத்தும் விதம் வேறு என்பதால் "ஒரு நாள் வரும்" என்று எழுத முடியாது. அதற்குப் பதில், யாரும் வீட்டிலேயே செய்து ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய ஒரு சோதனை செய்தேன். திரை வெளிச்சம் பாதி, வைஃபை இணைப்பில், போனில் சேமித்து வைத்த வீடியோ ஒரு மணி நேரம். 80இல் தொடங்கினேன், 67இல் நின்றது. 100இலிருந்து ஏன் தொடங்கவில்லை என்றால், பல போன்கள் முதல் சில புள்ளிகளை மெதுவாகவே இறக்கிக் காட்டும். அந்தக் கணக்கு விற்பவருக்குத்தான் சாதகம்.

இத்தனை அளந்த பிறகும் முக்கியமான குறை இந்த எண்கள் எதிலும் இல்லை. கொள்ளளவு குறைவது ஒன்று, நடுவில் அணைவது இன்னொன்று. பேட்டரி வயதாக வயதாக உள்தடை கூடுகிறது. கேமரா, டார்ச், திரை மூன்றும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது மின்னழுத்தம் சட்டென்று சரிகிறது. மின்னேற்றம் மீதி இருந்தாலும், அழுத்தம் எல்லைக்குக் கீழே போனதும் போன் அணைந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடிப்பது எளிது. 25 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் டார்ச்சை எரியவிட்டு வீடியோ எடுக்க வேண்டும். நான் மூன்று முறை செய்தேன். ஒரு முறை 14இல் அணைந்தது, இன்னொரு முறை 11இல். மூன்றாம் முறை 5 வரை தாங்கியது. அணைந்த போனைச் சார்ஜரில் போட்டு எழுப்பினால் மறுபடி 13, 14 என்றே காட்டும். பேட்டரி உண்மையிலேயே காலியாகவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

பேட்டரி உப்பியிருக்கிறதா என்றும் பார்த்தேன். உறையைக் கழற்றி, பின்மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள கோட்டில் வெளிச்சம் அடித்து நான்கு பக்கமும் பார்த்தேன். எங்கும் இடைவெளி விரியவில்லை. விரிந்திருந்தால் விற்கும் எண்ணத்தையே விட்டிருப்பேன். உப்பிய பேட்டரியை இன்னொருவர் கையில் கொடுப்பது ஆபத்து.

மற்ற குறைகளில் ஒன்றை எழுதிவிட்டுப் பிறகு நீக்கினேன். சார்ஜர் முனை லூசாக இருக்கிறது, கேபிள் நழுவுகிறது என்று குறித்து வைத்திருந்தேன். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் துளையின் ஓரத்தை மெதுவாகக் கிளறினேன். சட்டைப் பையில் சேரும் பஞ்சு, கெட்டியாகி ஒரு சின்ன வில்லை போல வெளியே வந்தது. அப்புறம் கேபிள் 'டக்' என்று உட்கார்ந்தது. இல்லாத குறையைச் சொல்லி விலையைக் குறைத்துக்கொள்ள இருந்தேன்.

திரை விஷயம் அப்படி இல்லை. ஒரு வருடம் முன்பு உடைந்து, பழுது பார்க்கும் கடையில் மாற்றியது. தொடுதல் சரியாக வேலை செய்கிறது, வெள்ளைப் படத்தை முழுத் திரையில் வைத்துப் பார்த்தால் கறையோ கோடோ இல்லை. ஆனால் அது நிறுவனத்தின் அசல் திரையா என்று எனக்குத் தெரியாது. 'ஒரிஜினல் டிஸ்ப்ளே' என்று கடைக்காரர் சொன்னதை என் சொல்லாக மாற்றி எழுத மனம் வரவில்லை. திரைக்குக் கீழே உள்ள கைரேகை உணரி பத்து முறை வைத்தால் ஏழு முறை திறந்தது. ஒரு முறை பிரித்து ஒட்டிய போனின் நீர்த் தடுப்பை நம்ப முடியாது என்பதையும் சேர்த்தேன்.

ரேம் வரியில் ஒரு சிறு விஷயம். இந்த மாடலில் சேமிப்பிடத்தில் ஒரு பகுதியை ரேம் போலக் கடன் வாங்கும் வசதி உண்டு. அதையும் கூட்டி "16 ஜிபி ரேம்" என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருப்பது 8 தான். சேமிப்பிலும் 128ஐ மட்டும் எழுதாமல், எல்லாவற்றையும் அழித்த பிறகு காலியாக இருக்கும் இடத்தையும் சொன்னேன். ஒரே பெயரில் பல வகைகள் வருவதால் பெயரோடு About phone பகுதியில் உள்ள மாடல் எண்ணையும் போட்டேன்.

பெயர், எண், விலை தவிர, கடைசியில் போட்டது இதுதான்:

"நான்கு வருடம் நான் மட்டுமே பயன்படுத்திய போன். ரேம் 8 ஜிபி, சேமிப்பு 128 ஜிபி, அழித்த பின் காலி இடம் சுமார் 104 ஜிபி. பாதுகாப்புப் புதுப்பிப்பு வருவது நின்றுவிட்டது. பேட்டரி மாற்றப்படவில்லை. மூன்று முறை சார்ஜ் ஏற்றி அளந்ததில் கொள்ளளவு சுமார் 80 சதவீதம் (4,500க்கு ஏறக்குறைய 3,590). இது செயலி வழி மதிப்பீடு. பாதி வெளிச்சத்தில் ஒரு மணி நேர வீடியோவுக்கு 13 சதவீதம் இறங்குகிறது. உப்பல் இல்லை. குறை: 20 சதவீதத்துக்குக் கீழே டார்ச்சுடன் வீடியோ எடுத்தால் சில முறை அணைந்துவிடுகிறது. பேட்டரி மாற்றினால் சரியாகலாம், நான் மாற்றிப் பார்க்கவில்லை. திரை வெளிக்கடையில் மாற்றியது, அசல்தானா என்று உறுதி இல்லை. கைரேகை பத்துக்கு ஏழு முறை திறக்கிறது. நீர்த் தடுப்பை நம்ப வேண்டாம். அழைப்பு, ஒலிபெருக்கி, இரண்டு சிம், கேமராக்கள், வைஃபை, ப்ளூடூத் சோதித்துப் பார்த்தவை, வேலை செய்கின்றன. சட்டத்தின் இடது மூலையில் ஒரு நசுங்கல், ஐந்தாம் படத்தில் பார்க்கவும்."

படங்களைத் திரையை அணைத்து ஒன்று, வெள்ளைத் திரையோடு ஒன்று என்று எடுத்தேன். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் கீறல் தெரியாது, பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் தெரியும். பெட்டியின் படத்தில் ஐஎம்இஐ எண்ணை மறைத்தேன். பொதுவில் போட்ட எண்ணை யார் வேண்டுமானாலும் தவறாகப் பயன்படுத்தலாம். நேரில் வருபவருக்கு *#06# அழுத்திக் காட்டினால் போதும்.

விசாரித்தவர்கள் குறைவு. ஆனால் "பேட்டரி எப்படி?" என்று ஒருவரும் கேட்கவில்லை. வந்த ஒரு தம்பி, வண்டியில் வழிகாட்டிக்காக எப்போதும் சார்ஜரிலேயே வைக்கப் போவதாகச் சொன்னார். அதனால் அணையும் குறை தனக்குப் பொருட்டில்லை என்றார். இருந்தாலும் சோதித்துப் பார்க்கச் சொன்னேன். அதற்காகவே அன்று போனை 17 சதவீதத்தில் கொண்டுவந்திருந்தேன். டார்ச்சோடு வீடியோ ஓடவிட்டார். 13இல் திரை கறுத்தது. "அண்ணா, எழுதினபடியே அணையுது" என்று சொல்லிவிட்டு, சார்ஜரில் போட்டு மறுபடி எழுப்பினார்.

அவர் எதிரிலேயே முதலில் என் கூகுள் கணக்கை நீக்கினேன், அதன் பிறகுதான் முழுவதும் அழித்தேன். கணக்கை நீக்காமல் விட்டால், அழித்த பிறகும் போன் என் கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளலாம். போன் புதிதாக எழுந்து மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் திரை வந்ததும், சிம்களை எடுத்துக்கொண்டு அவர் கையில் கொடுத்தேன்.